எட்ஜ் என்றால் என்ன, சார்ட் பார்த்தால் அது கிடைக்குமா?

பாளையங்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடும் எங்கள் டிரேடிங் கூட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. டீமேட் கணக்கு தொடங்கிவிட்டீர்கள் என்றால் முதல் ஆர்டர் போடுவதற்கு முன்னால் படித்துவிடுங்கள்.

அண்ணாச்சி, எட்ஜ் எட்ஜ்னு எல்லாரும் சொல்றாங்களே, அப்படின்னா என்ன?

ஒரே மாதிரியான டிரேடை நூறு, இருநூறு தடவை எடுத்தால் செலவெல்லாம் போகப் பணம் மிஞ்ச வேண்டும், அதுவும் அதிர்ஷ்டத்தால் இல்லாமல் சொல்லக்கூடிய ஒரு காரணத்தால் மிஞ்ச வேண்டும். அதுதான் எட்ஜ். அடுத்த டிரேட் ஜெயிக்குமா என்று அது சொல்லாது. நயினார்குளம் மார்க்கெட்டில் வாழைத்தார் எடுக்கிற வியாபாரிக்கு வெளியூரில் இன்றைக்கு என்ன விலை, வண்டி வாடகை எவ்வளவு, எவ்வளவு அழுகும் என்பதெல்லாம் தெரியும். ஒரு லோடு நஷ்டமானாலும் வருஷக் கணக்கில் அவர் நிற்பது அதனால்தான். உங்களுக்கு அப்படி என்ன தெரியும், நீங்கள் வாங்கும்போது எதிரில் விற்கிறவர் ஏன் விற்கிறார், இதற்குப் பதில் இருக்க வேண்டும்.

எனக்குப் பத்துக்கு ஏழு சரியா வருது. அது எட்ஜ்தானே?

அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது தம்பி. நூறு டிரேடில் 70 ஜெயித்து ஒவ்வொன்றிலும் 500 ரூபாய் வந்தால் 35,000. மீதி 30-இல், இந்த விலைக்குக் கீழே போனால் தானாக விற்றுவிடு என்று சொல்லும் ஸ்டாப் லாஸ் ஆர்டரைப் போடாமல் 'திரும்பி வரும்' என்று காத்திருந்து சராசரியாக 1,300 விட்டால் 39,000. நிகரம் 4,000 நஷ்டம். இன்னொருவர் 40 தடவைதான் ஜெயிக்கிறார், ஆனால் வந்தால் 1,500, போனால் 800. அவருக்கு 60,000 வரவு, 48,000 போக்கு, டிரேடுக்கு 120 ரூபாய் மிச்சம். இப்போது இதில் புரோக்கரேஜ், பங்குப் பரிவர்த்தனை வரியான எஸ்டிடி, ஜிஎஸ்டி, நினைத்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசம் எல்லாம் சேர்த்து டிரேடுக்கு 150 ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். அந்த நல்ல முறையும் செத்துப்போய்விட்டது. அன்றைக்கே வாங்கி அன்றைக்கே விற்கிற இன்ட்ராடேயில் பலர் பணத்தை விடுவது இந்த இடத்தில்தான்.

சரி, சார்ட் படிச்சா எட்ஜ் கிடைக்குமா?

சார்ட் என்பது நடந்த விலையும் வால்யூமும். அது எல்லார் திரையிலும் ஒரே நேரத்தில் தெரிகிறது, அதனால் வெறும் பேட்டர்ன் பெயர் தெரிவது எட்ஜ் ஆகாது. ஆனால் சார்ட்டில் ஒன்றுமே இல்லை என்று சொல்வதும் தவறு. ஜெகதீஷ், டிட்மன் என்ற இரண்டு நிதித்துறைப் பேராசிரியர்கள் 1993-இல் அமெரிக்கப் பங்குகளை ஆராய்ந்து, முந்தைய 3 முதல் 12 மாதங்களில் நன்றாக ஏறியவை அடுத்த சில மாதங்களிலும் மற்றவற்றை முந்தியதைக் காட்டினார்கள். 2000-இல் ஆண்ட்ரூ லோ என்ற பேராசிரியரின் குழு ஹெட் அண்ட் ஷோல்டர்ஸ் போன்ற சார்ட் வடிவங்களைக் கம்ப்யூட்டர் வைத்துத் தேடி, சிலவற்றில் கொஞ்சம் தகவல் இருக்கிறது என்றது. தகவல் இருப்பதும் செலவு போக லாபம் வருவதும் ஒன்றில்லை.

நம் கண் செய்கிற கோளாறு வேறு. முடிந்துபோன சார்ட்டில், விலை இறங்கி வந்து நின்று திரும்புகிற இடம் என்று போடும் சப்போர்ட் கோடு எவ்வளவு அழகாக விழுகிறது! திரையின் வலது பாதியை ஒரு அட்டையால் மறைத்துவிட்டு, அதே கோட்டை இப்போது போடுங்கள், பக்கத்தில் இருப்பவரையும் போடச் சொல்லுங்கள். இரண்டு பேர் கோடும் இரண்டு இடத்தில் இருக்கும். எழுதிவைக்க முடியாத விதியைச் சோதிக்கவும் முடியாது.

அப்போ எப்படிச் சோதிக்கணும்?

எங்கே நுழைவது, எங்கே வெளியேறுவது, எவ்வளவு பணம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பழைய டேட்டாவில் அந்த அமைப்பு வந்த எல்லா இடங்களையும் எண்ணுங்கள், தோற்றவற்றையும் சேர்த்து. அப்புறம் விதியை மாற்றாமல், நீங்கள் தொடாத வேறு வருஷங்களில் ஓட்டிப் பாருங்கள். நூறு விதிகளை முயன்றால் ஒன்றிரண்டு சும்மாவே நன்றாகத் தெரியும், அதில் மயங்காதீர்கள். இருபது டிரேட் போதாது: காசைச் சுண்டிப் போட்டாலே இருபதில் பன்னிரண்டோ அதற்கு மேலோ தலை விழ நாலில் ஒரு வாய்ப்பு உண்டு.

ஆப்ஷன்ஸ்ல சின்னப் பணத்துல ஆரம்பிக்கலாமா?

வேண்டாம். செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில், 2022 நிதியாண்டு முதல் 2024 வரை எஃப் அண்ட் ஓ, அதாவது ஃபியூச்சர்ஸும் ஆப்ஷன்ஸும் செய்த தனிநபர்களில் 93% பேர் நஷ்டம், சராசரியாகத் தலைக்குச் சுமார் 2 லட்சம். அதே ஆய்வு, லாபம் எடுத்த பெரிய நிறுவனங்களின் பணத்தில் பெரும்பங்கு, கம்ப்யூட்டர் தானாக ஆர்டர் போடும் அல்கோ மூலம் வந்தது என்கிறது. எதிரில் இருப்பது அவர்கள். சோதனை முடியும்வரை, பங்கை முழுப் பணம் கொடுத்து வாங்கிக் கணக்கில் வைத்துக்கொள்ளும் டெலிவரியில் ஒன்றிரண்டு பங்கு மட்டும் வாங்கிப் பழகுங்கள், ஒவ்வொரு டிரேடுக்கும் காரணத்தையும் செலவையும் நோட்டில் எழுதுங்கள். ஞாயிறன்று வரும்போது அந்த நோட்டைக் கொண்டுவாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.