பொருள்: நோயாளி பதிவுகள் உள்ள சர்வரில் கடுமையான பழுது, இன்று மாலை 5 மணிக்குள் உங்கள் முடிவு தேவை

வணக்கம் டாக்டர்,

"சிஸ்டம் கொஞ்சம் ஸ்லோவா இருக்கு" என்றுதான் காலையில் ரிசப்ஷனிலிருந்து கூப்பிட்டார்கள். வந்து பார்த்தால் விஷயம் அதைவிடப் பெரியது. பிப்ரவரி 11-க்குப் பிறகு ஏற்றிய நோயாளி விவரங்கள் அத்தனையும் இப்போது ஒரே ஒரு ஹார்ட் டிஸ்கில்தான் இருக்கின்றன. அந்த டிஸ்கும் கெட்டுக்கொண்டிருக்கிறது. அது நின்றுவிட்டால் நான்கு மாதப் பதிவுகள் திரும்பக் கிடைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

சர்வரில் இரண்டு டிஸ்க்குகள். நீங்கள் பதிவு செய்வதை இரண்டுமே எழுதிக்கொள்ளும். ஒன்று போனாலும் மற்றொன்று ஓடும். ஏப்ரல் கடைசியில் ஒன்று போய்விட்டது. மற்றது ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. எச்சரிக்கை மெயில்கள், வேலையை விட்டுப் போன பழைய மேனேஜரின் முகவரிக்கே போய்க்கொண்டிருந்திருக்கின்றன.

பேக்கப் இருக்கிறதே என்று கேட்பீர்கள். பேக்கப் எடுக்கும் டிஸ்க் பிப்ரவரியிலேயே நிரம்பிவிட்டது. அதன் பிறகும் திரையில் தினமும் "முடிந்தது" என்றுதான் வந்திருக்கிறது. ஃபைல்களைத் திறந்து பார்த்தேன்: பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, அளவு 0. எனக்கு அதிர்ச்சியாக இருந்தது அதுதான்.

மிச்சமிருக்கும் டிஸ்க், தன்னால் படிக்க முடியாமல் போன இடங்களைத் தானே எண்ணி வைக்கும். `Current_Pending_Sector` என்ற அந்தக் கணக்கு காலை 10 மணிக்கு 16. மதியம் 2 மணிக்கு 48. அது இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இன்றிரவே போகலாம். வைரஸோ ஹேக்கிங்கோ நடந்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை.

அதனால் கிளினிக்கை இன்று மாலை 6 மணியோடு நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 6 மணி ஆனதும் சர்வரிலிருந்து எல்லாரையும் வெளியேற்றிவிட்டு, டிஸ்கில் உள்ளதை முழுசாகப் புது டிஸ்குக்கு நகலெடுக்க வேண்டும். எட்டு மணி நேரமாவது ஆகும். இந்த நிலையில் கூடுதலாகவும் ஆகலாம். நகலெடுப்பதே அந்த டிஸ்குக்குப் பெரிய வேலை, நடுவிலேயே அது போய்விடும் அபாயமும் உண்டு. ஆனாலும் தள்ளிப்போடுவது அதைவிட மோசம். படிக்க முடியாத இடங்களில் சில பதிவுகள் ஏற்கெனவே சிதைந்திருக்கலாம். எவை என்பது நகல் முடிந்த பிறகே தெரியும், பட்டியல் தருகிறேன். அலர்ஜி விவரங்களை மட்டும் அதற்குப் பிறகும் நோயாளிகளிடம் நேரில் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அதுவரை யாரும் சர்வரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டாம். "`chkdsk` ஓட்டினால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னாலும் விடாதீர்கள். இந்த நிலையில் அது இருப்பதையும் கெடுக்கலாம். இப்போதிலிருந்து வரும் நோயாளிகளின் விவரங்களைக் காகிதத்தில் எழுதச் சொல்லுங்கள். இன்று பார்த்தவர்களின் மருந்துச் சீட்டுகளை 6 மணிக்குள் பிரின்ட் எடுத்துவிடலாம்.

நாளைக் காலை அப்பாயின்ட்மென்ட்களைத் தள்ளிவைப்பதா, காகிதத்திலேயே பார்ப்பதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். புது டிஸ்க்குகளோடு நான் கிளினிக்கிலேயே இருக்கிறேன். மெயிலில் பதில் போடாமல் போனிலேயே கூப்பிடுங்கள்.