கணக்கு அலுவலர் பதவிக்கான உங்கள் விண்ணப்பமும் களஞ்சியப் பிரிவில் உள்ள வெற்றிடமும்

அன்புள்ள நிரோஷினி,

வணக்கம். உப்புவெளியிலுள்ள எங்கள் விடுதியின் கணக்கு அலுவலர் பதவிக்கு விண்ணப்பித்ததற்கு நன்றி. இந்தப் பதவிக்கான நேர்முகத் தேர்வுக்கு உங்களை அழைக்க முடியவில்லை. பதிலே வராமல் காத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது தெரியும். அதனால்தான் சுயவிபரக் கோவைகளைப் பார்த்து முடித்ததும் எழுதுகிறேன்.

காரணம் ஒன்றுதான். மாதாந்தச் சம்பளப் பட்டியல், ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதி, வற் வரி இவற்றையெல்லாம் முதல் நாளிலிருந்தே தனியாகக் கையாளக்கூடியவர் இந்தப் பதவிக்குத் தேவை. பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க இப்போது எங்களிடம் ஆள் இல்லை. ஆகவே இவற்றை இரண்டு வருடமாவது செய்தவர்களை மட்டும் அடுத்த கட்டத்துக்கு எடுத்திருக்கிறோம். உங்கள் கணக்கியல் டிப்ளோமா பெறுபேறுகளில் எந்தக் குறையும் இல்லை. நீங்கள் மூதூரில் இருந்து வரவேண்டும் என்பதையும் நாங்கள் ஒரு காரணமாக எடுக்கவில்லை.

உங்கள் சுயவிபரக் கோவையின் இரண்டாம் பக்கத்தில், கடைசிக்கு முந்திய வரியில், மாமாவின் ஹாட்வெயார் கடையில் இருப்புப் பதிவேட்டை எக்செலுக்கு மாற்றி, மாதக் கடைசியில் சாமான்களை எண்ணிச் சரிபார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் பிடித்தது அந்த வரிதான். எங்கள் களஞ்சியத்தில் நடப்பது ஏறக்குறைய அதே வேலை. காலையில் மீனும் மரக்கறியும் வந்து இறங்கும்போது நிறுத்துப் பார்த்து, கொள்வனவுக் கட்டளையோடு ஒப்பிட்டு, சமையலறைக்குக் கொடுப்பதைப் பதிந்து, மாத முடிவில் கையிருப்பும் ஏடும் ஒத்துவருகிறதா என்று பார்க்க வேண்டும். ஏப்ரல் கடைசியில் இங்கே சுற்றுலாப் பருவம் தொடங்கிவிட்டால் செப்டெம்பர் வரை ஓய்விருக்காது. அதற்கு முன் களஞ்சிய உதவியாளர் ஒருவரைச் சேர்க்கப் போகிறோம். அந்த இடத்துக்கு நீங்கள் விண்ணப்பிக்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

அடிப்படைச் சம்பளம் கணக்கு அலுவலருக்கு உரியதைவிடக் குறைவு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சேவைக் கட்டணத்தில் பங்கு உண்டு. காலை ஆறு மணிக்கு வேலை தொடங்கும். அந்த நேரத்துக்கு மூதூரில் இருந்து பஸ்ஸில் வந்து சேர முடியாது என்பதால் பெண் ஊழியர்களுக்கான தங்குமிடத்தில் ஒரு கட்டில் ஒதுக்கித் தரலாம். வீட்டில் கலந்து பேசிவிட்டு முடிவெடுங்கள். களஞ்சியத்தில் இருப்பவர்கள் மாத இறுதிக் கணக்கு முடிப்பில் கணக்குப் பிரிவோடு சேர்ந்து வேலை செய்வார்கள். இப்போது உங்களிடம் இல்லாத அனுபவத்தில் ஒரு பகுதி அங்கேயே கிடைக்கும்.

புதிதாக விண்ணப்பப் படிவம் நிரப்பத் தேவையில்லை. மார்ச் 20க்கு முன் இந்த மின்னஞ்சலுக்கே பதில் எழுதி, திருத்திய சுயவிபரக் கோவையை இணைத்தால் போதும். அந்த ஹாட்வெயார் கடை வேலையை முதல் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். எத்தனை வகைச் சாமான்கள், எவ்வளவு காலம் செய்தீர்கள், எண்ணிக்கை பிசகியபோது எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று நான்கைந்து வரி எழுதுங்கள். சொந்தக்காரரின் கடைதானே என்று அதைச் சிறிதாக்க வேண்டாம். பாடசாலை விளையாட்டுச் சான்றிதழ்களைக் குறைத்தால் அதற்கு இடம் கிடைக்கும். களஞ்சியப் பொறுப்பாளரிடம் உங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். தெரிவு அவருடையது என்பதால் வேலை நிச்சயம் என்று என்னால் வாக்குத் தர முடியாது. ஆனால் உங்கள் விண்ணப்பத்தை அவர் கவனமாகப் பார்ப்பார்.

வரவேற்புப் பிரிவில் காசாளர் வெற்றிடம் ஒன்றும் இருக்கிறது. அது இரவு வேலை, ஆங்கிலத்தில் சரளமாகப் பேசவும் வேண்டும். விருப்பமிருந்தால் பதிலில் அதையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள்.

கணக்குத் துறையிலேயே தொடர வேண்டும் என்று நீங்கள் நினைத்தால் அதுவும் சரியான முடிவுதான். அப்படியானால் கணக்காய்வு நிறுவனங்களில் பயிலுநர் இடம் கேட்டுப் பாருங்கள். வெவ்வேறு வியாபாரங்களின் சம்பளப் பட்டியலும் வரிப் படிவங்களும் அங்கே கைக்கு வரும். திருகோணமலை மாவட்டச் செயலகத்தில் மனிதவலு, வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் அலுவலர்களிடமும் பதிந்து வையுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

நீங்கள் சம்மதித்தால் உங்கள் விபரங்களை ஆறு மாதம் எங்கள் கோவையில் வைத்திருந்து, கணக்குப் பிரிவில் உதவியாளர் இடம் வந்தால் அறிவிப்பேன். சம்மதமா இல்லையா என்பதைப் பதிலில் எழுதுங்கள். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் வார நாட்களில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு அலுவலகத் தொலைபேசியில் என்னோடு பேசலாம்.

அன்புடன்,
சுபாஷினி
ஆட்சேர்ப்பு அலுவலர், மனிதவளப் பிரிவு
உப்புவெளி, திருகோணமலை