காஞ்சிபுரத்துக்கு வரலைன்னு சொன்ன தோழிக்கு, ரயில்ல இருந்து

கவி, உன் மெசேஜ் பார்த்தேன். அப்போ தாம்பரம் பிளாட்பாரத்துல டிக்கெட்டோட நின்னுட்டிருந்தேன். திரும்பி வீட்டுக்குப் போக மனசு வரல, ஏறிட்டேன். இப்போ செங்கல்பட்டு தாண்டி பாலூர் கிட்ட வண்டி நிக்குது. கிராசிங் போல. அதான் சாவகாசமா எழுதறேன்.

உங்க நாத்தனார் குடும்பம் திடீர்னு வந்து நின்னா நீ என்ன பண்ணுவே, விட்டுட்டு வர முடியாதுதான். அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அவங்க நேத்து ராத்திரியே போன் பண்ணிட்டாங்கன்னு நீயே எழுதியிருக்கே. அப்பவே ஒரு வரி போட்டிருக்கலாமேடி. ஜனவரியில புக் ஃபேர் அன்னிக்கு நந்தனம் வாசல்ல நின்னேன். அப்புறம் அந்த சினிமா, இன்டர்வல் வரைக்கும் பக்கத்து சீட் காலியாவே இருந்துச்சு. இன்னிக்கு இது. ஒவ்வொரு தடவையும் நான் கிளம்பினதுக்கப்புறம்தான் சொல்றே. கடைசி வரைக்கும் எப்படியாவது சமாளிச்சு வந்துடலாம்னு நீ பார்க்கிறே போல. எனக்கு அது புரியுது, இருந்தாலும் கஷ்டமா இருக்கு. சண்டை போடறேன்னு எடுத்துக்காதே. மனசுல வச்சுக்கிட்டு உன்கிட்ட சிரிச்சுப் பேச எனக்கு வராது, உனக்கே தெரியும்.

அதனால ஒண்ணு கேக்கறேன். வர முடியாதுன்னு தோணினவுடனேயே சொல்லிடு. காரணமெல்லாம் வேண்டாம், "முடியாது"ன்னு ஒரு வார்த்தை போதும். ராத்திரி பதினொண்ணு ஆனாலும் பரவாயில்ல.

அடுத்த பிளானை நான் போடல. உனக்கு எந்த நாள் தோதுப்படும்னு நீயே பார்த்துச் சொல்லு. வெளியூர்தான் போகணும்னு இல்ல. உன்னால நகர முடியலைன்னா நானே அங்க வரேன், உங்க மொட்டை மாடியில அரை மணி நேரம் உக்காந்து காபி குடிச்சாலும் எனக்குப் போதும். ஒருவேளை வீட்டுல வேற ஏதாவது இருந்து, வெளியே வரவே அலுப்பா இருக்குன்னா அதையும் சொல்லு. கேட்டுக்கிறேன், யார்கிட்டயும் போகாது.

கைலாசநாதர் கோயில் மதியம் நடை சாத்திடுவாங்க, அதனால முதல்ல அங்கதான் போறேன். சுத்துப் பிராகாரத்துல இருக்கிற சின்னச் சின்ன சன்னதிகள்ல பல்லவர் காலத்து ஓவியம் கொஞ்சம் மிச்சம் இருக்கே, அதை வரையணும்னு நீதானே சொல்லிட்டிருந்தே? போட்டோ எடுக்க விட்டா எடுத்து அனுப்பறேன். ஆனா அந்தச் சிவப்பும் மஞ்சளும் போன்ல சரியா விழாது, நீ நேர்லதான் பார்க்கணும். குடலை இட்லி கிடைச்சா வாங்கிட்டு வரேன். மிளகும் சுக்கும் போட்டு மந்தாரை இலையில வேகவச்சது, சீக்கிரம் ஊசிப்போகாதுன்னு சொல்வாங்க. பையனை சாயங்காலம் டியூஷன்ல விட வரும்போது எங்க வாசல்ல வண்டியை நிறுத்தி வாங்கிக்கோ.

சினிமா டிக்கெட் பணம் அனுப்பறேன்னு சொன்னியே, அதெல்லாம் வேண்டாம்.

வண்டி எடுத்துட்டான். நாத்தனாரைக் கேட்டதா சொல்லு.