தெரியாத இன்டக்ரல் வந்தால் எதை முதலில் முயல்வது? (எச்2 கணிதம்)

☐ கேள்வியிலேயே சப்ஸ்டிடியூஷன் கொடுத்திருக்கிறார்களா? அதையே போடுங்கள், வேறு வழி தேட வேண்டாம். வரையறுத்த தொகையீடு, ‘எக்ஸாக்ட்’ என்றும் கேட்கவில்லை, வழிமுறையும் கேட்கவில்லை என்றால் ஜிசி போதும்.

☐ சூத்திரத் தாளில் அப்படியே இருக்கிறதா?

☐ பின்னமா? இங்கேதான் நிறைய பேர் அவசரப்படுகிறார்கள். கீழே x²+4 என்றே வைத்துக்கொள்வோம். மேலே x இருந்தால் கீழுள்ளதன் வகைக்கெழுவில் பாதி அது. விடை ½ ln(x²+4) + C. மேலே 1 என்றால் ½ tan⁻¹(x/2) + C. மேலே x² என்றால் முதலில் வகுக்கணும்: 1 − 4/(x²+4). அப்புறம்தான் தொகையிடல். கீழே காரணிப்படுத்த முடிந்தால் பகுதிப் பின்னம். முடியாத இருபடி என்றால் வர்க்கப் பூர்த்தி செய்யுங்கள்.

☐ sin²x, cos²x: இரட்டைக் கோணச் சூத்திரம். வேறெதையும் யோசிக்காதீர்கள்.

☐ பெருக்கலா? ‘பை பார்ட்ஸ்’ கடைசியில்தான். xeˣ-க்கு அது சரி. xe^(x²)-க்கு வேண்டாம், அடுக்கின் வகைக்கெழுவில் பாதி வெளியே நிற்கிறது பாருங்கள். ln x தனியாக வந்தால் 1·ln x என்று எழுதி, ln x-ஐ u ஆக எடுங்கள்.

☐ ஒரு பக்கம் எழுதியும் நீண்டுகொண்டே போகிறதா? விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.