தீபாவளி ரேடியோ விளம்பரம்: செண்பகம் ஸ்வீட்ஸ், மதுரை (30 விநாடி)

(ஒலி: எண்ணெய்ச் சட்டியில் அதிரசம் பொரியும் சத்தம், 2 விநாடி. பின் அடங்கும்.)

மாமியார்: ஏம்மா, அதிரசம் எண்ணெயில பிரிஞ்சு போகுதே!

மருமகள்: பாகு பதம் தப்பிருச்சு அத்தை. மாவும் ஊறல.

கடைக்காரர்: ஈர அரிசி மாவு, வெல்லப்பாகு, 3 நாள் ஊறல்... அதை நாங்க பார்த்துக்கிறோம்! பழங்காநத்தம் செண்பகம் ஸ்வீட்ஸ். அதிரசம் 10 எண்ணம் 150 ரூபாய். நெய் மைசூர்பாகு அரைக் கிலோ 380. சாப்பிட்டது செரிக்க, இஞ்சி திப்பிலி லேகியம், 100 கிராம் 90.

மருமகள்: எப்பண்ணே சொல்லி வைக்கணும்?

கடைக்காரர்: தீபாவளிக்கு 4 நாள் முன்னாடியே சொல்லிருங்கம்மா. மாவு ஊறணும்ல! மைசூர்பாகுக்கு முதல் நாள் சொன்னாப் போதும்.

(ஒலி: சரவெடி, 2 விநாடி.)

கடைக்காரர்: செண்பகம் ஸ்வீட்ஸ், பழங்காநத்தம். காலை 6 முதல் இரவு 10 வரை!