பெரியவங்க பக்கம், வாளி பக்கம், நெருப்பு தூரம்!

(குழந்தைகளுக்கான பாதுகாப்பு வீடியோ. பேசுபவர்: மல்லிகா அக்கா. உடன் கவின், 9 வயது. யாழினி, 6 வயது.)

[காட்சி: பொழுது சாயும் நேரம். வீட்டு வாசல். ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல். அக்கா கேமராவைப் பார்த்துக் கையாட்டுகிறார்.]

மல்லிகா அக்கா: வணக்கம் குட்டீஸ்! தீபாவளி வந்தாச்சு! மத்தாப்பு ரெடி, புஸ்வாணம் ரெடி, சங்குசக்கரம் ரெடி. ஆனா இங்க பாருங்க, எல்லாத்துக்கும் முன்னாடி இந்த ரெண்டு வாளியும் ரெடி! இது எதுக்குன்னு யாருக்குத் தெரியும்?

யாழினி: விளையாட!

மல்லிகா அக்கா: (சிரித்து) இல்லடா தங்கம். இவங்கதான் இன்னைக்கு நம்ம காவல்காரங்க. இவங்க வாசலுக்கு வராம ஒரு மத்தாப்புகூட கொளுத்தக் கூடாது. இப்போ எல்லாரும் என்கூட சத்தமா சொல்லுங்க!

[திரையில் பெரிய எழுத்து. மூவரும் கைதட்டிச் சொல்கிறார்கள்.]

மூவரும்: பெரியவங்க பக்கம்! வாளி பக்கம்! நெருப்பு மட்டும் தூரம்!

மல்லிகா அக்கா: அடடா, சூப்பர்! இப்போ டிரெஸ் பார்ப்போம். கவின், இங்க வா. பளபளன்னு புதுச்சட்டை!

கவின்: வழவழன்னு இருக்குக்கா!

மல்லிகா அக்கா: அழகா இருக்கு. ஆனா இந்த வழவழ துணியில தீப்பொறி பட்டா, அது உருகித் தோல்ல ஒட்டிக்கும். காலையில போட்டு அழகு பார்த்தாச்சுல்ல? பட்டாசு வெடிக்கிற நேரத்துக்கு மட்டும் பருத்திச் சட்டை. யாழினி, உன் தாவணி தொங்குது பாரு, அதைக் கழட்டி வச்சிடலாம். முடியைப் பின்னிக் கட்டியாச்சா? கால்ல ஷூ போட்டாச்சா?

[காட்சி: இருவரும் பருத்தி உடை, ஷூவோடு ஓடி வருகிறார்கள்.]

மல்லிகா அக்கா: பாக்கெட்ல என்ன கவின்?

கவின்: ரெண்டே ரெண்டு பிஜிலி வெடி...

மல்லிகா அக்கா: வெளிய எடு, வெளிய எடு! பாக்கெட்ல பட்டாசு வைக்கவே கூடாது. பட்டாசுப் பெட்டி மூடியோட, தள்ளி, பெரியவங்க கண்ணு முன்னாடி இருக்கணும். வேணும்கிறப்போ ஒண்ணு மட்டும் எடுத்துக்கலாம்.

[காட்சி: யாழினியின் அப்பா வருகிறார். கையில் கம்பி மத்தாப்பு.]

மல்லிகா அக்கா: இப்போ கம்பி மத்தாப்பு! இது சின்னப்பசங்க பட்டாசுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. ஒரு ரகசியம் சொல்லட்டுமா? தண்ணி 100 டிகிரியில கொதிக்கும். கம்பி மத்தாப்பு எரியுற இடத்துல சூடு 1000 டிகிரியைத் தாண்டிப் போயிடும்!

கவின்: அம்மாடி!

மல்லிகா அக்கா: அதனால, அப்பா கொளுத்தித் தருவார். கையை நல்லா நீட்டிப் பிடிக்கணும். ஒரு நேரத்துல ஒரு கையில ஒண்ணே ஒண்ணு. மத்தாப்போட ஓடாதீங்க, யார் முகத்துக்கு நேராவும் ஆட்டாதீங்க. ரொம்பக் குட்டிப் பாப்பா கையில மத்தாப்பே கொடுக்கக் கூடாது, அம்மா இடுப்புல உக்காந்து பார்த்தாலே பாப்பாவுக்கு சந்தோஷம்தான்.

யாழினி: அக்கா, அணைஞ்சு போச்சு! கீழ போடட்டுமா?

மல்லிகா அக்கா: நல்ல கேள்வி! வெளிச்சம்தான் போச்சு, சூடு போகல. அந்தக் கம்பியைக் கீழ போட்டா, வெறுங்காலோட வர்ற யாராவது மிதிச்சிடுவாங்க. நேரா தண்ணி வாளிக்குள்ள போடு.

[ஒலி: "சுஸ்ஸ்ஸ்!" யாழினி கைதட்டுகிறாள்.]

மல்லிகா அக்கா: புஸ்வாணம், சக்கரம், ராக்கெட் எல்லாம் பெரியவங்க வேலை. அப்பா எப்படிப் பத்த வைக்கிறார்னு கவனிங்க. நீளமான ஊதுவத்தி. பக்கவாட்டுல நின்னு, முகத்தைப் புஸ்வாணத்துக்கு மேல கொண்டு போகாம, கையை நீட்டித் தொட்டுட்டு உடனே பின்னால வந்துட்டார். நாம எங்க நிக்கிறோம்? திண்ணைக்குப் பின்னால. இங்கிருந்து பார்த்தா முழுசாத் தெரியுது, கிட்டப் போனா பாதிதான் தெரியும்! தகர டப்பா, பாட்டில் எதையும் பட்டாசு மேல கவிழ்க்காதீங்க, சிதறி அடிக்கும்.

[காட்சி: ஒரு புஸ்வாணம் பற்றவில்லை. கவின் குனிந்து பார்க்க நகர்கிறான்.]

மல்லிகா அக்கா: கவின், நில்லு!

[திரை அப்படியே உறைகிறது. சிவப்பு வட்டம்.]

மல்லிகா அக்கா: குட்டீஸ், இதுதான் இன்னைக்கு ரொம்ப ரொம்ப முக்கியமான இடம். வெடிக்கலையேன்னு கிட்டப் போய்ப் பார்க்கிறப்போதான் முகமும் கண்ணும் அடிபடுது. திரி உள்ளுக்குள்ள மெதுவா எரிஞ்சிட்டு இருக்கலாம். ஊதக் கூடாது, கால்ல தட்டக் கூடாது, மறுபடி பத்த வைக்கக் கூடாது. அதை விட்டுட்டு வேற இடம் போங்க. ரொம்ப நேரம் கழிச்சு அப்பா தூரத்துல நின்னு தண்ணி ஊத்துவார்.

கவின்: அப்போ அது வேஸ்டாக்கா?

மல்லிகா அக்கா: ஆமாம்டா, போகட்டும். உன் கண்ணுதான் எனக்கு வேணும்!

[காட்சி: வீட்டு வாசல்படி. அகல் விளக்குகள் வரிசை.]

மல்லிகா அக்கா: இப்போ விளக்கு! யாழினி, விளக்கு வைக்கிறப்போ மேலயும் பாரு, பக்கத்துலயும் பாரு. திரைச்சீலை இருக்கா? காகிதத் தோரணம் இருக்கா? தள்ளி வை. நடக்கிற வழியில வைக்காத, பாவாடை நுனி பட்டுடும். ஏத்துறப்போ முதல்ல எட்டத்துல இருக்கிற விளக்கு, கடைசியாக் கிட்டத்துல இருக்கிறது. ஏன் சொல்லு?

யாழினி: எரியுற விளக்குக்கு மேல கையை நீட்ட வேண்டாம்!

மல்லிகா அக்கா: என் கண்ணே! எரியுற விளக்குல எண்ணெய் ஊத்தக் கூடாது. அணைக்கிறதுக்குத் தண்ணியும் ஊத்தக் கூடாது, எண்ணெய் மேல தண்ணி பட்டா நெருப்பு குபீர்னு எழும்பும். பெரியவங்க ஒரு உலோகத் தட்டால மூடுவாங்க. சீரியல் லைட் ஒயரை ஈரக் கையால தொடாதீங்க. ராத்திரி தூங்கப் போறதுக்கு முன்னாடி விளக்கு, லைட் எல்லாம் அணைஞ்சதான்னு ஒரு சுத்து பார்க்கணும். அது உங்க டியூட்டி!

இப்போ எழுந்து நில்லுங்க, ஒரு பயிற்சி. சட்டையில தீப்பிடிச்சா ஓடுவீங்களா?

இருவரும்: மாட்டோம்!

மல்லிகா அக்கா: ஓடினா காத்துல நெருப்பு வளரும். நில்! படு! உருளு! கையால முகத்தை மூடிக்கோங்க. வீட்ல பாயில எல்லாரும் உருண்டு பாருங்க, தாத்தாவையும் கூப்பிடுங்க!

[காட்சி: இருவரும் பாயில் உருள்கிறார்கள்.]

மல்லிகா அக்கா: கையில சுட்டுடுச்சா? மறைக்காதீங்க, யாரும் திட்ட மாட்டாங்க. உடனே சொல்லுங்க. குழாய்த் தண்ணியில 20 நிமிஷம் காட்டணும். ஐஸ் வேண்டாம், பேஸ்ட், மை, எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம். அப்புறம் டாக்டர் பார்ப்பார். கண்ணுல ஏதாவது பட்டா தேய்க்கவே தேய்க்காதீங்க, நேரா டாக்டர்கிட்ட. தீயணைப்பு, ஆம்புலன்ஸ் நம்பரை வீட்ல பெரியவங்ககிட்டக் கேட்டு இன்னைக்கே சுவத்துல எழுதி ஒட்டுங்க.

வெடிச் சத்தத்துல பக்கத்து வீட்டுப் பாப்பா அழும், நாய்க்குட்டி நடுங்கும். அவங்க பக்கம் வெடிக்க வேண்டாம். ஆட்டம் முடிஞ்சதும் சோப்புப் போட்டுக் கை கழுவிட்டுத்தான் பலகாரம்! சானிடைசர் வேண்டாம், அது சீக்கிரம் தீப்பிடிக்கும்.

[காட்சி: மறுநாள் காலை. தெருவில் காகிதக் குப்பை. கவின் வெடிக்காத ஒரு பட்டாசைப் பார்க்கிறான். கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறான்.]

கவின்: அப்பா! இங்க ஒண்ணு வெடிக்காமக் கிடக்கு! நான் தொடல!

மல்லிகா அக்கா: சபாஷ் கவின்! எல்லாருக்கும் தீபாவளி வாழ்த்துகள் குட்டீஸ்!