பரீட்சை வருஷத்தில் ஓட்டத்தை நிறுத்தலாமா?

அன்புத் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். போன சனிக்கிழமை பயிற்சி முடிந்ததும் மூன்று பேர் தனித்தனியாக வந்து ஒரே கேள்வியைக் கேட்டீர்கள்: "அக்கா, இது எஸ்.சி. பரீட்சை வருஷம், ஓட்டத்தை நிறுத்திடட்டுமா?" மூச்சு வாங்க நின்றுகொண்டு பதில் சொல்லும் கேள்வி இல்லை அது. அதனால்தான் இந்த மின்னஞ்சல்.

நிறுத்த வேண்டாம். குறையுங்கள்.

எச்.எஸ்.சி. வருஷத்தில் நான் இரண்டையும் முழுசாகச் செய்யப் பார்த்தேன். ஃபிளாக் மாவட்டத்தில் 800 மீட்டரில் முதலாவதாக வந்திருந்த திமிர் வேறு. விடியற்காலை ஐந்துக்குக் கரும்புத் தோட்டப் பாதையில் ஓட்டம், பிறகு பள்ளி, டியூஷன், திரும்பவும் ஓட்டம். ராத்திரி பன்னிரண்டு வரை கணக்கு. டியூஷன் வாத்தியார் என்னைத் தூங்குமூஞ்சி என்றார். கோச், ஏன் இப்படிச் சுணங்குகிறாய் என்றார். என் தேர்வு அட்டவணை கோச்சுக்குத் தெரியாது, போட்டித் தேதி வாத்தியாருக்குத் தெரியாது. இருவரிடமும் நான் வாயே திறக்கவில்லை. ஆகஸ்டில் முழங்காலுக்குக் கீழ் எலும்பில் வலி வந்தது. ஆறு வாரம் ஓட்டமே இல்லை. மாதிரித் தேர்வில் கணக்கும் கவிழ்ந்தது.

பாம்பூ மைதானத்தில் நடந்த போட்டியையும் தவறவிட்டேன். (முதல் தடவை அங்கே போகிறேன் என்றபோது ஆயா, "பாம்புக்கா போறே?" என்று பதறியது இன்னும் வீட்டில் பேச்சு.)

தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதம் வாரத்துக்கு மூன்று நாள் போதும். தூரத்தைப் பாதியாக்குங்கள், வேகத்தை மட்டும் விடாதீர்கள். வேகம் இருந்தால் உடல் தகுதி சில வாரங்களுக்குப் பெரிதாக இறங்காது. ஜூன், ஜூலைக் குளிர்காலத்தில் ஆறு மணிக்குள் இருட்டிவிடுகிறது. ஆகவே பள்ளி விட்டதும் முதலில் ஓட்டம், அப்புறம் குளியல், சாப்பாடு, படிப்பு. ஓடிவிட்டு உட்கார்ந்தால் எனக்கு முதல் ஒரு மணி நேரம் நன்றாக ஓடும், பாடம்தான்.

தூக்கத்தில் கை வைக்காதீர்கள். படித்தது மனத்தில் தங்குவதும் களைத்த தசை தேறுவதும் அந்த நேரத்தில்தான். நேரம் போதவில்லையா, ஒரே பாடத்துக்கு இரண்டு டியூஷன் போகிறீர்களே, அதில் ஒன்றை விடுங்கள். அம்மா அப்பா ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்றால் என்னிடம் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்து பேசுகிறேன். காவடி மாதத்தில் விரதம் இருப்பவர்கள் அந்த நாட்களில் கடும் பயிற்சி வேண்டாம் என்று கோச்சிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர் கோபிக்க மாட்டார், எனக்குத் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை தேர்வுத் தேதி, டியூஷன் நேரம் இரண்டையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். இரண்டு பிரதி வேண்டும், ஒன்று கோச்சுக்கு, ஒன்று வீட்டுச் சுவருக்கு. பேனா மறப்பவர்களுக்கு நான் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
தேவி அக்கா